‘நார்ச்சத்து உள்ளது’, ‘புரதம் அதிகம்’: அட்டையில் அச்சடிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

பிஸ்கட் பாக்கெட் ஒன்றின் அட்டை மாதிரி என் மேசைக்கு வந்தது. 150 கிராம் பாக்கெட். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘புரதம் அதிகம்: ஒரு பாக்கெட்டில் 12 கிராம்’. அதற்குக் கீழே ‘நார்ச்சத்து அதிகம்: 7.5 கிராம்’. ஆய்வக அறிக்கையோடு ஒப்பிட்டேன். இரண்டு எண்ணும் சரி, ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் இரண்டு வாசகமும் செல்லாது. தயாரிப்பாளருக்குக் கோபம் வந்துவிட்டது. “நார்ச்சத்துக்கு 6 கிராம் இருந்தால் போதும் என்று நீங்கள்தானே சார் சொன்னீர்கள், இதில் ஏழரை இருக்கிறதே?” என்றார்.

சொன்னது நான்தான். எதற்கு 6 கிராம் என்பதைத்தான் அவர் காதில் வாங்கவில்லை. 100 கிராம் பிஸ்கட்டுக்கு 6 கிராம், பாக்கெட்டுக்கு அல்ல. இந்த வாசகங்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் நடக்கின்றன. எவ்வளவு சத்து இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள், எதற்கு எவ்வளவு என்று பார்ப்பதில்லை. அதே பிஸ்கட்டை வைத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

முதல் படி: வாசகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சத்தின் அளவைப் பற்றிப் பேசும் வாசகங்களைத் தொழிலில் ‘கிளைம்’ என்பார்கள். அவற்றில் இரண்டு படிநிலைகள் உண்டு. ‘நார்ச்சத்து உள்ளது’, ‘நார்ச்சத்தின் ஆதாரம்’ என்பவை கீழ்ப்படி. ‘அதிகம்’, ‘செறிந்தது’, ‘நிறைந்தது’ என்பவை மேல்படி. நார்ச்சத்துக்கும் புரதத்துக்கும் கோடெக்ஸ் வழிகாட்டுதலில் மேல்படி என்பது கீழ்ப்படியின் இரட்டிப்பு. உணவுத் தரத்துக்கான பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸ் 1997-ல் வெளியிட்டது அது. பல நாடுகளின் சட்டங்கள் அதை அடியொற்றியே எழுதப்பட்டவை.

வார்த்தையை மாற்றித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ‘அதிகம்’ என்று போட முடியாவிட்டால் ‘புரதப் பவர்’ என்று போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1924/2006 விதி இதை முன்கூட்டியே யோசித்து அடைத்துவிட்டது: வாங்குபவருக்கு அதே பொருள்படும் எந்த வாசகத்துக்கும் அதே நிபந்தனைதான். அதனால் முதல் வேலையாக, அட்டையில் உள்ள ஒவ்வொரு சொல்லையும், பெயருக்குள் ஒளிந்திருப்பது உட்பட, தனியாக ஒரு தாளில் எழுதி, எந்தப் படியைச் சேர்ந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். எந்தச் சந்தையில் விற்கப் போகிறீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அது எவ்வளவு முக்கியம் என்பது புரதக் கணக்கில் தெரியும்.

இரண்டாம் படி: பாக்கெட்டை மறந்துவிட்டு 100 கிராமுக்கு வாருங்கள்

150 கிராமில் 12 கிராம் புரதம் என்றால் 100 கிராமில் 8. நார்ச்சத்து 7.5 என்றால் 100 கிராமில் 5. மற்றவற்றையும் இப்படியே மாற்றினால் நம் பிஸ்கட் 100 கிராமில் இருப்பவை: கொழுப்பு 18 கிராம், செரிக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து 64, புரதம் 8, நார்ச்சத்து 5. மீதி 5 கிராம் ஈரமும், ஆய்வகம் ‘சாம்பல்’ என்று குறிக்கும் தாது உப்புகளும்.

அடுத்து கலோரி. கொழுப்புக்கு கிராமுக்கு 9, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4, நார்ச்சத்துக்கு 2 என்பது ஐரோப்பிய முறை. 162, 256, 32, 10. கூட்டினால் 460 கிலோ கலோரி. இந்த 460-ஐ மறக்க வேண்டாம், அடுத்த இரண்டு படிகளும் இதைச் சுற்றியே நடக்கும்.

மூன்றாம் படி: நார்ச்சத்து

இது சுலபம், ஏனென்றால் இதில் உலகம் ஓரளவு ஒத்துப்போகிறது. கோடெக்ஸ், ஐரோப்பிய விதி, இந்தியாவின் 2018 விளம்பரம் மற்றும் வாசகங்கள் விதிமுறை மூன்றிலும் அடிப்படை எண்கள் ஒன்றுதான். ‘உள்ளது’ என்று சொல்ல 100 கிராமுக்கு 3 கிராம் அல்லது 100 கிலோ கலோரிக்கு 1.5 கிராம். ‘அதிகம்’ என்று சொல்ல 6 கிராம் அல்லது 3 கிராம்.

இதில் உயிர்நாடி ‘அல்லது’ என்ற சொல். இரண்டு வாசல்களில் ஒன்று திறந்தால் போதும். நம் பிஸ்கட் 100 கிராமுக்கு 5 கிராம், முதல் வாசலில் ‘உள்ளது’ என்பதற்குத் தாராளமாக நுழைந்துவிடுகிறது. கலோரிக் கணக்கில் 5-ஐ 4.6-ஆல் வகுத்தால் 1.09 வருகிறது. 1.5-ஐத் தொடவில்லை, ஆனால் பரவாயில்லை. ‘அதிகம்’ என்பதற்கு இரண்டு வாசலும் மூடியே இருக்கின்றன.

இரண்டாவது வாசல் எதற்கென்றால், நீர் நிறைந்த பொருள்களுக்கு. கலோரி குறைவாக உள்ள காய்கறி வகைகளில் 100 கிராமுக்கு 2 கிராம் நார்ச்சத்துதான் இருக்கும், ஆனால் மொத்தமே 30 கிலோ கலோரிதான் இருக்கும். எடையை மட்டும் பார்த்தால் தோற்றுவிடும். கலோரிக்கு எவ்வளவு என்று பார்த்தால் 6.7 கிராம், ‘அதிகம்’ என்றே போடலாம். பிஸ்கட் மாதிரி வறண்ட, கொழுப்புள்ள பொருள்களுக்கு எப்போதும் முதல் வாசல்தான் உதவும்.

எல்லா நாட்டிலும் இப்படியே என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 100 கிராம் என்ற பேச்சே இல்லை. ஒரு முறை உண்ணும் அளவு என்று அரசு நிர்ணயித்த எடை உண்டு, பிஸ்கட்டுக்கு அது 30 கிராம். அந்த 30 கிராமில் நாளொன்றுக்கான 28 கிராம் நார்ச்சத்தில் 10 சதவீதம், அதாவது 2.8 கிராம் இருந்தால்தான் ‘நல்ல ஆதாரம்’. நம் பிஸ்கட்டில் 1.5 கிராம்தான். மற்ற இடங்களில் தாராளமாகத் தேறியது இங்கே பாதிதான் எட்டுகிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒரு பரிமாறலில் 2 கிராம் என்று வைத்திருக்கின்றன. பரிமாறலின் அளவைத் தயாரிப்பாளரே முடிவு செய்யலாம் என்பதால் அந்த முறை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

நான்காம் படி: புரதம்

இங்கேதான் கவனம் தேவை. ஒரே சொல்லுக்கு மூன்று வேறு வேறு அளவுகோல்கள் இருக்கின்றன.

கோடெக்ஸ் முறை எடையைப் பார்க்கிறது. ஒரு நாளுக்கான குறிப்பளவு 50 கிராம். அதில் 10 சதவீதம், அதாவது 5 கிராம், திடப்பொருள் 100 கிராமில் இருந்தால் ‘உள்ளது’. 20 சதவீதம், 10 கிராம் இருந்தால் ‘அதிகம்’. திரவத்துக்கு இதில் பாதி. கலோரி வாசலும் இங்கே உண்டு: 100 கிலோ கலோரிக்கு 2.5 கிராம், மேல்படிக்கு 5 கிராம். இந்திய விதியின் அமைப்பும் இதுவே. குறிப்பளவுதான் வேறு: ஐசிஎம்ஆர் 2020-ல் வெளியிட்ட பட்டியலில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம். அதை வைத்தால் 5.4-ம் 10.8-ம் வரும். நம் பிஸ்கட்டின் 8 கிராம் இரண்டு முறையிலும் ‘புரதம் உள்ளது’ என்று சொல்லப் போதும், ‘அதிகம்’ என்று சொல்லப் போதாது.

ஐரோப்பிய முறை எடையையே பார்ப்பதில்லை. மொத்தக் கலோரியில் எத்தனை சதவீதம் புரதத்திலிருந்து வருகிறது என்று பார்க்கிறது. 12 சதவீதம் என்றால் ‘உள்ளது’, 20 சதவீதம் என்றால் ‘அதிகம்’. நம் பிஸ்கட்டில் புரதத்தின் கலோரி 32, மொத்தம் 460. வகுத்தால் 7 சதவீதம்கூட முழுசாக இல்லை. கீழ்ப்படியே கிடைக்காது. ஒரே பிஸ்கட், ஒரே ஆய்வக அறிக்கை. ஓரிடத்தில் ‘புரதம் உள்ளது’ என்று போடலாம், இன்னோரிடத்தில் புரதம் என்ற சொல்லையே முன்பக்கத்தில் பெருமையாகப் போட முடியாது.

ஐரோப்பிய முறையில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெள்ளைக் காளானில் 100 கிராமுக்கு சுமார் 3 கிராம் புரதம், 22 கிலோ கலோரி. புரதக் கலோரி 12, பாதிக்கும் மேல். சட்டப்படி ‘புரதம் அதிகம்’. ஆனால் 15 கிராம் புரதம் வேண்டுமென்றால் அரைக் கிலோ காளானைச் சாப்பிட வேண்டும். கலோரி வாசல் வழியாக கோடெக்ஸ் முறையிலும் காளான் உள்ளே வந்துவிடும். ஆக ‘புரதம் அதிகம்’ என்ற சொல் தட்டில் எவ்வளவு புரதம் விழும் என்று சொல்வதில்லை. கலோரிக்கு எவ்வளவு புரதம் கூட வருகிறது என்றுதான் சொல்கிறது. வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது அமெரிக்க முறை. 50 கிராமில் 10 சதவீதம், 20 சதவீதம் என்பதுதான், ஆனால் 30 கிராம் பிஸ்கட்டில் அது இருக்க வேண்டும். கூடவே புரதத்தின் தரமும் கணக்கில் வரும். செரிமானமும் அமினோ அமிலச் சமநிலையும் சேர்ந்த ஒரு மதிப்பெண்ணால் பெருக்கிய பிறகு மிஞ்சுவதுதான் எண்ணிக்கை. பால் புரதத்துக்கு அந்த மதிப்பெண் ஒன்றை ஒட்டி இருக்கும். கோதுமைப் புரதத்துக்கு, லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால், பாதிக்கும் கீழே. 30 கிராமில் இருக்கும் 2.4 கிராம் கோதுமைப் புரதம் அப்படிப் பெருக்கினால் ஒரு கிராமைச் சுற்றி நிற்கும்.

ஐந்தாம் படி: எட்டாவிட்டால் செய்முறையை மாற்றலாமா?

தயாரிப்பாளர் அடுத்த வாரமே திரும்பி வந்தார். “பால் புரதப் பொடி போட்டு 20 கிராமுக்கு ஏற்றிவிடுகிறேன், அப்புறம் எந்த நாட்டிலும் கேள்வி வராது இல்லையா?” என்றார். சரி, கணக்கைப் பார்ப்போம். மாவில் 12 கிராமைக் குறைத்துப் புரதத்தில் 12 கிராம் கூட்டினால் மொத்தக் கலோரி மாறாது, ஏனென்றால் இரண்டுக்கும் கிராமுக்கு 4 தான். அதே 460. புரதக் கலோரி 80. 17.4 சதவீதம். கோடெக்ஸ் கேட்பதைப் போல இரண்டு மடங்கு புரதம் இருந்தும் ஐரோப்பாவில் ‘அதிகம்’ கிடைக்கவில்லை.

தலைகீழாகப் போட்டால் தெளிவாகும். 460-ல் 20 சதவீதம் 92. அதை 4-ஆல் வகுத்தால் 23 கிராம். ‘உள்ளது’ என்று மட்டும் சொல்ல 13.8 கிராம் போதும். இந்த மாதிரி தலைகீழ்க் கணக்கை முதலிலேயே போட்டுவிட்டுச் செய்முறையைத் தொட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

23 கிராம் என்று தாளில் எழுதுவது எளிது. 80 சதவீதப் புரதம் உள்ள பொடியில் கூடுதலான 15 கிராமைப் பெற, 100 கிராம் பிஸ்கட்டுக்கு சுமார் 19 கிராம் பொடி வேண்டும். அவ்வளவு மாவு வெளியே போகும்போது மாவோடு வந்த புரதமும் கொஞ்சம் போய்விடும், ஆகவே இன்னும் ஓரிரு கிராம் கூட்ட வேண்டியிருக்கும். அந்த அளவில் பிஸ்கட் இறுகும். பால் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சூளையில் சீக்கிரமே கருக்கும். கொழுப்பைக் குறைத்தால் மொத்தக் கலோரி இறங்கி விகிதம் ஏறுமே என்று தோன்றும். ஏறும், ஆனால் சொற்பமாக. கொழுப்பை 18-லிருந்து 12-க்கு இறக்கி மொத்தம் 430 ஆக்கினாலும் 21.5 கிராம் புரதம் வேண்டும். ஒன்றரை கிராம் புரதத்துக்காக பிஸ்கட்டின் மொறுமொறுப்பைப் பறிகொடுக்க வேண்டுமா என்பதை அவரவர் முடிவுக்கு விடுகிறேன். என் யோசனை: பிஸ்கட்டில் ‘புரதம் அதிகம்’ என்ற கனவை விட்டுவிட்டு, நார்ச்சத்தை 5-லிருந்து ஆறரைக்கு ஏற்றி அந்த வாசகத்தைப் போடுங்கள். தவிட்டில் முடிந்துவிடும்.

ஆறாம் படி: உண்ணும் நிலையில் கணக்கு

கலக்கிக் குடிக்கும் பொடிகளிலும் நீர் சேர்த்துச் சமைக்கும் பொருள்களிலும் இது தனித் தலைவலி. ஐரோப்பிய விதிப்படி, தயாரிப்பாளர் சொன்ன முறையில் தயாரித்து, உண்ணத் தயாராக உள்ள உணவைப் பற்றித்தான் வாசகம் பேச வேண்டும்.

ஒரு நார்ச்சத்துப் பொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் 30 கிராம் நார்ச்சத்து. பிரமாதம். ஆனால் அட்டையில் ‘5 கிராம் பொடியை 200 மில்லியில் கலக்கவும்’ என்று இருக்கிறது. கோப்பையில் விழுவது 1.5 கிராம் நார்ச்சத்து. 100 மில்லிக்கு முக்கால் கிராம்கூட வராது. எடை வாசல் மூடிவிட்டது. தண்ணீரில் கலக்கச் சொன்னால் மொத்தம் 15 கிலோ கலோரிதான் என்று வையுங்கள்; 100 கிலோ கலோரிக்கு 10 கிராம் வந்து இரண்டாவது வாசல் வழியாகப் பிழைத்துக்கொள்ளும். அதையே பாலில் கலக்கச் சொன்னால் 200 மில்லி முழுப் பாலின் 128 கிலோ கலோரி கூடவே வந்துவிடும். மொத்தம் 143. 100 கிலோ கலோரிக்கு 1.05 கிராம். இரண்டு வாசலும் மூடியாயிற்று. பொடி மாறவில்லை, பின்பக்கத்தில் ஒரு சொல்தான் மாறியது.

ஏழாம் படி: ஆய்வக எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

ஆய்வகம் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து ஓர் எண்ணால் பெருக்குகிறது. வழக்கமான எண் 6.25. கோதுமைக்கு 5.7, பாலுக்கு 6.38 என்று தனி எண்களும் உண்டு. நைட்ரஜன் 1.28 கிராம் என்றால் 6.25-ஆல் பெருக்க 8.0 வருகிறது, 5.7-ஆல் பெருக்க 7.3 தான். எதால் பெருக்கினார்கள் என்று அறிக்கையில் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். விற்கும் நாட்டின் லேபிள் விதி எதைச் சொல்கிறதோ அதுதான் செல்லும்; ஐரோப்பாவில் 6.25. நைட்ரஜனை அளப்பதால் இன்னொரு ஓட்டையும் உண்டு: கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலத்தைத் தனியாகச் சேர்த்தாலும் அறிக்கையில் புரதம் ஏறும். புரதப் பொடிகளில் இந்தத் தில்லுமுல்லு பழையது. மூலப்பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் என்று தனியாக நின்றால் அந்தப் புரத எண்ணைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

நார்ச்சத்தில் கேள்வி, எந்த முறையில் சோதித்தார்கள் என்பது. ஆய்வக முறைகளை வகுக்கும் அமைப்பான ஏ.ஓ.ஏ.சி.யின் 985.29 என்ற எண்ணுள்ள பழைய முறை சிறிய மூலக்கூறு நார்களைத் தவறவிடும். சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலினில் ஒரு பகுதி அதில் காணாமலே போகும். 2009.01 முறை அவற்றையும் பிடிக்கும். இனுலின் போட்ட பொருளைப் பழைய முறையில் சோதித்தால் உள்ளதே குறைவாகத் தெரியும். தவிடு மட்டும் போட்ட பொருளுக்கு இந்த வித்தியாசம் பெரிதாக இராது.

அப்புறம், விளிம்பில் நிற்காதீர்கள். ஒரு தொகுப்பில் 6.2 வந்தால் அடுத்ததில் 5.7 வரும்; தவிடு சாக்குக்குச் சாக்கு மாறும், சூளை ஈரத்தை ஒரே மாதிரி விடாது. அட்டவணை எண்ணுக்கு இரண்டு பக்கமும் சலுகை தரும் ஐரோப்பிய வழிகாட்டுதல்கூட, வாசகம் போட்ட சத்து என்றால் கீழ்ப்பக்கத்துக்கு அளவீட்டுப் பிழையைத் தவிர வேறு சலுகை தருவதில்லை. 5.96-ஐ 6.0 என்று முழுமையாக்கி வாசகம் போடுவதையும் நான் ஏற்பதில்லை. குறைந்தது மூன்று தொகுப்புகளைச் சோதித்து, மிகக் குறைவான எண்ணே எல்லையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். நம் பிஸ்கட்டுக்கு நான் சொன்ன இலக்கு 6.5.

கடைசியாக அட்டை

வாசகம் போட்டால் அந்தச் சத்தின் அளவு பின்பக்க அட்டவணையிலும் 100 கிராமுக்கு இருக்க வேண்டும். பல இடங்களில் நார்ச்சத்து அட்டவணையில் கட்டாயமில்லை. வாசகம் போட்டதும் கட்டாயமாகிவிடும். முன்பக்கத்தில் ‘பாக்கெட்டில் இவ்வளவு’ என்று எழுதத்தான் வேண்டுமென்றால், பாக்கெட் எத்தனை பரிமாறல் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். 150 கிராம் பிஸ்கட்டை ஒரே மூச்சில் தின்பவர் அதிகமில்லை.

நம் தயாரிப்பாளர் முன்பக்கத்தை மாற்றினார். தவிட்டைக் கூட்டி மூன்று தொகுப்பு சோதித்ததில் 6.4, 6.7, 6.6 வந்தது. ‘நார்ச்சத்து அதிகம்’ என்ற வரி மட்டும் அட்டையில் இருக்கிறது. புரதம் 8 கிராம் என்பது பின்பக்க அட்டவணையில், சின்ன எழுத்தில்.